கூட்டத்துக்கு வர முடியாது என்று சொல்லி, வேறு இரண்டு நேரம் கொடுப்பது எப்படி?

வெளிநாட்டுத் தமிழ்ப் பள்ளிகளுக்கும் சங்கங்களுக்கும் இங்கிருந்து பக்க வடிவமைப்பு, மொழிபெயர்ப்பு, பிழைதிருத்தம் என்று வேலை செய்து தருபவர்கள் இப்போது நிறையப் பேர். வேலையைவிடக் கூட்டத்துக்கு நேரம் குறிப்பதில்தான் திணறிப் போகிறோம். "அன்று முடியாதே" என்று ஒரு வரி எழுதினால் "அப்போ எப்போ?" என்று பதில் வரும். நாம் ஒரு நேரம் சொல்ல, அவர்களுக்கு ஒத்துவராது. அவர்கள் சொல்வது நமக்கு நடுராத்திரியாக இருக்கும். இப்படி ஒரு வாரம் ஓடியதும் உண்டு. ஒரே செய்தியில் இதை முடித்துவிடலாம் என்பது எனக்குப் பிடிபட நாளாயிற்று. இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்காக வரிசையாக எழுதுகிறேன்.

பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க ஒரு உதாரணத்தைக் கடைசி வரைக்கும் வைத்துக்கொள்வோம். நீங்கள் சென்னையில் இருக்கிறீர்கள். டொராண்டோவில் ஒரு தமிழ்ப் பள்ளிக்குப் பாடநூல் வடிவமைத்துத் தருகிறீர்கள். 2025 அக்டோபர் 27, திங்கட்கிழமை பள்ளி ஒருங்கிணைப்பாளரிடமிருந்து கூகுள் காலண்டரில் அழைப்பு வருகிறது: அக்டோபர் 30, வியாழன் இரவு 8:30, டொராண்டோ நேரம். உங்களுக்கு அது வெள்ளிக்கிழமை காலை 6 மணி. அன்று காலை நீங்கள் அச்சக வேலையாகச் சிவகாசி போகும் ரயிலில் இருப்பீர்கள். சிக்னலை நம்பி ரயிலிலிருந்து கூட்டம் பேச முடியாது.

1. பதில் எழுதும் முன் அழைப்பில் நான்கு விஷயம் பாருங்கள்

கூட்டம் எவ்வளவு நேரம், யார் யார் வருகிறார்கள், எதை முடிவு செய்யப் போகிறார்கள், அந்த முடிவு எந்தத் தேதிக்குள் தேவை. முதல் இரண்டும் அழைப்பிலேயே இருக்கும். மற்ற இரண்டும் பெரும்பாலும் இருக்காது. பழைய மின்னஞ்சல்களில் தேடிப் பாருங்கள்.

கடைசி விஷயம்தான் முக்கியம். நம் உதாரணத்தில், நவம்பர் 7ஆம் தேதிக்குள் எழுத்துருவும் பக்க அளவும் முடிவாக வேண்டும் என்று முன்பே ஒரு மடலில் சொல்லியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் நீங்கள் கொடுக்கும் இரண்டு நேரமும் 7ஆம் தேதிக்குப் போதிய இடைவெளி விட்டு முன்னால் இருக்க வேண்டும். நவம்பர் 10ஐக் கொடுத்தால், எவ்வளவு பணிவாக எழுதியிருந்தாலும், உங்களுக்கு இந்த வேலையில் அக்கறை இல்லை என்றுதான் அவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

வருபவர்கள் பட்டியலில் பத்துப் பேர் இருந்து, அவர்களில் நீங்கள் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியவர் மட்டும்தான் என்றால் மாற்று நேரமே கேட்காதீர்கள். "என்னால் வர இயலவில்லை, முடிவுகளை அனுப்பிவையுங்கள்" என்பது போதும். உங்கள் ஒருவருக்காகப் பத்துப் பேரை நகர்த்தச் சொல்வது நன்றாக இருக்காது. நீங்கள் இல்லாமல் கூட்டம் நடக்காது என்ற நிலையில்தான் அடுத்த படிகள்.

2. இரண்டு நேரங்களைத் தேர்ந்தெடுங்கள்

ஏன் இரண்டு? ஒன்று மட்டும் கொடுத்தால் "இதுதான், வேண்டுமானால் வா" என்ற தொனி வந்துவிடுகிறது. "அடுத்த வாரம் எப்போது வேண்டுமானாலும் சரி" என்பது பெருந்தன்மைபோலத் தெரியும். ஆனால் நேரம் தேடும் வேலையைத் திருப்பி அவர்கள் தலையில் கட்டுகிறோம். அதுவும் உண்மையில் எப்போது வேண்டுமானாலும் நமக்குச் சரிப்படாது. அவர்கள் தேடிப்பிடித்து ஒன்றைச் சொல்ல, அதற்கும் முடியாது என்போம்.

இரண்டும் ஒரே மாதிரி இருக்கக் கூடாது. செவ்வாய் காலை, புதன் காலை என்று கொடுத்தால், காலையில் வேலைக்குப் போகிறவருக்கு இரண்டுமே உதவாது. ஒன்று வார நாள், மற்றது வார இறுதி. ஒன்று அவர்களுக்குக் காலை, மற்றது மாலை. இப்படி வேறுபட்டால் ஏதாவது ஒன்று பொருந்த வாய்ப்பு அதிகம்.

அவர்கள் ஊர் நாட்காட்டியையும் ஒரு பார்வை பாருங்கள். நம் உதாரணத்தில், வியாழன் போனால் வெள்ளி என்று அக்டோபர் 31 மாலையைக் கொடுக்கத் தோன்றும். நமக்கு அது சனி காலை, வசதியான நேரம். ஆனால் அன்று அங்கே ஹாலோவீன். பிள்ளைகள் உள்ள வீடுகளில் மாலை முழுக்க வேடம் போட்டுத் தெருத்தெருவாக மிட்டாய் வாங்கப் போயிருப்பார்கள். பள்ளிக் குழுவில் இருப்பவர்கள் எல்லோருமே பெற்றோர்கள். அந்த மாலையைக் கொடுப்பது, நமக்குத் தீபாவளி அன்று காலையில் கூட்டம் வைப்பது போல. (நம் பக்கத்திலும் ஒன்று உண்டு. விலை பேசி ஒப்பந்தம் முடிக்கும் கூட்டமென்றால், ராகுகாலம் பார்ப்பவர்கள் இரண்டு பக்கமும் இருப்பார்கள். வெள்ளி 10:30 முதல் 12 வரை என்று கொடுத்துவிட்டுப் பிறகு பேச்சு வாங்க வேண்டாம்.)

கூட்டத்தின் நீளத்தையும் சேர்த்துக் கொடுங்கள். சிறிய பள்ளிகள் ஜூமின் இலவசக் கணக்கில்தான் கூட்டம் நடத்துகின்றன. அது 40 நிமிடத்தில் துண்டித்துவிடும். 40 நிமிடம் என்று குறிப்பிட்டுவிட்டால் பேச்சையும் அதற்குள் அமைத்துக்கொள்வார்கள். உங்களுக்கு மட்டும் பின்னால் ஒரு 20 நிமிடம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். தமிழர் கூட்டம் சொன்ன நேரத்தில் முடிந்து நான் பார்த்ததில்லை.

நம் உதாரணத்துக்கு இரண்டு நேரங்கள்: நவம்பர் 1, சனி காலை 9 மணி டொராண்டோ, நவம்பர் 3, திங்கள் இரவு 8:30 டொராண்டோ.

3. நேரத்தை மாற்றிப் பாருங்கள்: பெரும்பாலோர் சறுக்கும் இடம் இதுதான்

இந்தியாவிலும் இலங்கையிலும் ஆண்டு முழுக்க ஒரே நேரம். டொராண்டோவில் அப்படி இல்லை. அங்கே மார்ச் மாதம் இரண்டாம் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி, நவம்பர் முதல் ஞாயிறன்று பின்னால் இழுப்பார்கள். கோடையில் நமக்கும் அவர்களுக்கும் இடைவெளி ஒன்பதரை மணி நேரம், குளிர்காலத்தில் பத்தரை. நியூயார்க்குக்கும் இதே கணக்குதான். லண்டனில் தேதிகள் வேறு: மார்ச் கடைசி ஞாயிறு, அக்டோபர் கடைசி ஞாயிறு. இடைவெளி கோடையில் நாலரை, குளிரில் ஐந்தரை. சிங்கப்பூரில் கடிகார மாற்றம் கிடையாது. எப்போதும் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால்.

2025இல் நவம்பர் முதல் ஞாயிறு 2ஆம் தேதி. நாம் கொடுக்கும் இரண்டு நேரங்களுக்கு நடுவில் அந்த மாற்றம் வந்து உட்கார்ந்திருக்கிறது. கணக்கைப் பாருங்கள்:

அக்டோபர் 30, வியாழன் இரவு 8:30 டொராண்டோ: நமக்கு வெள்ளி காலை 6:00.
நவம்பர் 1, சனி காலை 9:00 டொராண்டோ: நமக்கு அதே சனி மாலை 6:30.
நவம்பர் 3, திங்கள் இரவு 8:30 டொராண்டோ: நமக்கு நவம்பர் 4, செவ்வாய் காலை 7:00.

முதலாவதும் மூன்றாவதும் அவர்களுக்கு ஒரே எட்டரை மணி. நமக்கோ ஒன்று காலை ஆறு, இன்னொன்று ஏழு. பழைய கணக்கையே வைத்துக்கொண்டு செவ்வாய் காலை 6 மணிக்கு உட்கார்ந்தால், ஒரு மணி நேரம் யாரும் வராத அறையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மார்ச்சில் இது தலைகீழாகும்: பழைய கணக்கில் உட்கார்ந்தால் கூட்டமே முடிந்திருக்கும்.

மனக்கணக்கை நம்பாதீர்கள். கூகுள் காலண்டரில் புதிதாக ஒரு நிகழ்வைத் திறந்து, நேரத்துக்குப் பக்கத்தில் `Time zone` என்பதை அழுத்தி டொராண்டோவைத் தேர்ந்து, அவர்கள் நேரத்தைப் போட்டுச் சேமியுங்கள். உங்கள் காலண்டரில் அது எந்த நாளில், எந்த மணியில் போய் விழுகிறது என்று பாருங்கள். அந்தத் தேதிக்குரிய கடிகார மாற்றத்தையும் அதுவே பார்த்துக்கொள்ளும்.

எழுதும்போது இரண்டு வழக்கங்களை விட்டுவிடுங்கள். ஒன்று, "சனிக்கிழமை இரவு 12:30". நம் பேச்சில் அது விடிந்தால் ஞாயிறு. காலண்டரில் சனி 12:30 என்று போட்டால் ஒரு நாள் முன்னாலேயே வந்துவிடும். நள்ளிரவை ஒட்டிய நேரத்தைக் கொடுக்காமலிருப்பது நல்லது. கொடுத்தே ஆக வேண்டுமென்றால் தேதியைச் சேர்த்து எழுதுங்கள். இரண்டாவது, 3/11 போல எண்களால் மட்டும் தேதி எழுதுவது. நமக்கு அது நவம்பர் 3. வட அமெரிக்காவில் மாதத்தை முதலில் எழுதிப் பழகியவருக்கு மார்ச் 11. மாதத்தின் பெயரையும் கிழமையையும் எழுதிவிட்டால் குழப்பமில்லை. கிழமை ஒரு காவல் மாதிரியும் இருக்கும்: தேதியைத் தவறாக எழுதிவிட்டால் கிழமை இடிக்கும், படிப்பவர் கேட்டுவிடுவார்.

4. இரண்டு நேரத்தையும் உங்கள் காலண்டரில் பிடித்து வையுங்கள்

செய்தியை அனுப்புவதற்கு முன்பே இதைச் செய்யுங்கள். "டொராண்டோ – முடிவாகவில்லை" என்று பெயர் போட்டு இரண்டு கட்டங்கள். இல்லாவிட்டால் அவர்கள் பதில் வருவதற்குள் அந்த நேரத்தில் வேறு யாரோ உங்களைப் பிடித்துவிடுவார்கள். கொடுத்த நேரத்தையே மறுப்பது முதல் மறுப்பைவிட மோசம்.

எவ்வளவு நாள் பிடித்து வைப்பது என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். முதல் நேரம் சனிக்கிழமை என்றால், அவர்கள் மற்றவர்களுக்குச் சொல்ல இரண்டு நாளாவது வேண்டும். ஆகவே புதன் இரவு வரை.

5. செய்தியை எழுதுங்கள்

முழுச் செய்தியையும் முதலில் தருகிறேன். பிறகு ஏன் இப்படி என்று சொல்கிறேன்.

> பொருள்: அக்டோபர் 30 பாடநூல் கூட்டம் – வேறு இரண்டு நேரங்கள்
>
> மதிப்புக்குரிய ஒருங்கிணைப்பாளர் அவர்களுக்கு,
>
> வணக்கம். பாடநூல் கூட்டத்துக்கு அழைத்தமைக்கு நன்றி. அக்டோபர் 30, வியாழன் இரவு 8:30 (டொராண்டோ) கூட்டத்தில் என்னால் கலந்துகொள்ள இயலவில்லை. அந்த நேரத்தில் அச்சக வேலையாகச் சிவகாசிக்குப் பயணத்தில் இருப்பேன்.
>
> கீழே உள்ள இரண்டில் எது உங்களுக்கு வசதியோ அதில் வைத்துக்கொள்ளலாம்:
>
> 1. நவம்பர் 1, சனி காலை 9:00 – 9:40 டொராண்டோ (சென்னை: அதே நாள் மாலை 6:30)
> 2. நவம்பர் 3, திங்கள் இரவு 8:30 – 9:10 டொராண்டோ (சென்னை: நவம்பர் 4, செவ்வாய் காலை 7:00)
>
> நவம்பர் 2 அன்று உங்கள் ஊரில் கடிகாரம் மாறுவதைக் கணக்கில் எடுத்தே இரண்டாவது நேரத்தைக் கொடுத்திருக்கிறேன்.
>
> அக்டோபர் 29, புதன் இரவு 9 மணி (டொராண்டோ) வரை இரண்டு நேரத்தையும் உங்களுக்காக ஒதுக்கி வைத்திருக்கிறேன். "1" அல்லது "2" என்று பதில் அனுப்பினால் போதும்.
>
> வியாழக்கிழமைக் கூட்டத்தை மாற்ற வழியில்லை என்றால் நீங்கள் நடத்திவிடுங்கள். மாதிரிப் பக்கங்களையும் எழுத்துரு பற்றிய என் குறிப்பையும் இத்துடன் இணைத்திருக்கிறேன்.
>
> அன்புடன்,

மறுப்பு மூன்றாவது வாக்கியத்திலேயே வந்துவிடுகிறது. நன்றிக்கும் நலம் விசாரிப்புக்கும் பிறகு மூன்று பத்தி கழித்துச் சொன்னால், கைப்பேசியில் மேலோட்டமாகப் படிப்பவர் நீங்கள் வருவதாகவே நினைத்துவிடுவார். அதைவிட ஆபத்து "பார்க்கிறேன்", "முயற்சி செய்கிறேன்", "வரப் பார்க்கிறேன்". முகத்துக்கு நேரே மறுக்கக் கூச்சப்பட்டு நாம் சொல்வது இது. நேரில் சொன்னால் குரலை வைத்துப் புரிந்துகொள்வார்கள். எழுத்தில் குரல் இல்லை. உங்களுக்கு ஒரு நாற்காலி போட்டுக் காத்திருப்பார்கள். "இயலவில்லை" என்பது தெளிவாகவும் இருக்கிறது, மரியாதையும் குறையவில்லை. "முடியாது" என்று எழுதினால் அடம்பிடிப்பதுபோல் ஒலிக்கும்.

காரணம் ஒரு வாக்கியம். அது உண்மையாக இருக்கட்டும்; இல்லை, "முன்பே ஒப்புக்கொண்ட வேலை இருக்கிறது" என்று பொதுவாக விட்டுவிடுங்கள். ரயில் நேரம், அச்சகத்தில் என்ன பிரச்சினை, வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று விரிக்க விரிக்க, படிப்பவருக்கு ஆறுதல் சொல்லும் கடமை வேறு சேர்ந்துவிடுகிறது. "மிகவும் வருந்துகிறேன், மன்னிக்கவும், தவறாக எண்ண வேண்டாம்" என்று மூன்று முறை எழுதத் தேவையில்லை. மாற்று நேரம் கொடுப்பதே மன்னிப்பின் வேலையைச் செய்துவிடுகிறது.

நேரங்களில் அவர்கள் ஊர் நேரம் முதலில், நம்முடையது அடைப்புக்குள். கணக்குப் போடும் வேலை நம்முடையது. மாற்றம் கேட்டவர் நாம்தான். கடிகாரம் பற்றிய வரியை அந்த மாற்றம் நடக்கும் வாரங்களில் மட்டும் சேருங்கள், மற்ற நாட்களில் வேண்டாம். எண் போட்டு எழுதியிருப்பதால் அவர்கள் கார் நிறுத்துமிடத்தில் நின்றபடி "2" என்று ஒரே எழுத்தில் பதில் போடலாம்.

கடைசிப் பத்தியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கூட்டத்தை மாற்ற முடியாத நிலையும் இருக்கும். அப்போது அவர்களுக்குத் தர்மசங்கடம் வராமல் ஒரு வாசலைத் திறந்து வைக்கிறோம். ஆனால் வெறுமனே "நீங்கள் நடத்திவிடுங்கள்" என்று எழுதினால் கோபம்போல் தெரியும். இணைப்பில் நம் பங்கைக் கொடுத்தால்தான் அந்த வரி நிற்கும். அனுப்பும் முன் இணைப்பு சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அதன் அளவும் 25 எம்பிக்குள் இருக்கட்டும். ஜிமெயிலில் அதைத் தாண்டினால் டிரைவ் இணைப்பாக மாறிவிடும்; அனுமதி கொடுக்காமல் விட்டால், பார்க்க அனுமதி கேட்டுக்கொண்டு நிற்கும்.

வாட்ஸாப்பில் அழைத்தவருக்கு வாட்ஸாப்பிலேயே, இன்னும் சுருக்கமாக: "வணக்கம் அண்ணா. வியாழன் கூட்டத்துக்கு என்னால் வர முடியவில்லை, பயணத்தில் இருப்பேன். சனி (நவ. 1) காலை 9 அல்லது திங்கள் (நவ. 3) இரவு 8:30, ரெண்டும் டொராண்டோ நேரம். எது வசதின்னு புதன் ராத்திரிக்குள் சொன்னால் போதும்." ஏற்கெனவே அண்ணா, அக்கா என்று பேசிப் பழகியவரிடம் திடீரென்று "மதிப்புக்குரிய" என்று எழுதினால் மனஸ்தாபம் என்று நினைத்துக்கொள்வார். குழுவில் போடாதீர்கள், அழைத்தவருக்குத் தனியாக அனுப்புங்கள். குழுவில் போட்டால் ஆளாளுக்கு மூன்றாவது, நான்காவது நேரம் சொல்லத் தொடங்குவார்கள்.

6. அனுப்பும் வரிசை

முதலில் செய்தி, பிறகு காலண்டரில் `No`. மாற்றிச் செய்தால் ஒருங்கிணைப்பாளருக்கு வெறும் மறுப்பு அறிவிப்பு முதலில் போய்ச் சேரும். உங்கள் விளக்கம் வருவதற்குள் அவர் வேறு ஏதாவது நினைத்திருப்பார். `No` அழுத்தாமலும் விடாதீர்கள். பதில் காட்டாத பெயரை வரக்கூடியவர் என்றே பலர் கணக்கில் வைப்பார்கள்.

கூகுளில் `Propose a new time` என்று ஒன்று இருக்கிறது. அவுட்லுக்கில் `Decline and Propose New Time`. இரண்டிலும் ஒரு முறைக்கு ஒரு நேரத்தைத்தான் முன்வைக்க முடியும். எனவே இரண்டு நேரம் கொடுக்கும் நம் வேலைக்கு மின்னஞ்சலே சரி. அவுட்லுக்கில் மறுக்கும்போது `Do not send a response` என்ற தேர்வும் கண்ணில் படும். அதை அழுத்தினால் அழைத்தவருக்கு எந்தத் தகவலும் போகாது.

வாராவாரம் நடக்கும் கூட்டமென்றால், மறுக்கும்போது `This event` என்பதைத் தேர்ந்தெடுங்கள். `All events` என்று போய்விட்டால் மொத்தக் கூட்டங்களையும் மறுத்ததாகிவிடும்.

எப்போது அனுப்புவது? அழைப்பு வந்த அன்றே, தாமதமானால் மறுநாள். நம் உதாரணத்தில் திங்கள் மாலை நாம் அனுப்பினால் அவர்களுக்குத் திங்கள் காலை. ஒரு முழு நாள் கையில் இருக்கும். கூட்டத்துக்கு 24 மணி நேரத்துக்கும் குறைவாக இருந்தால் மின்னஞ்சலை நம்பாமல் போனில் சொல்லிவிட்டு, நேரங்களை எழுத்தில் அனுப்புங்கள்.

7. அனுப்பிய பிறகு

"1" என்று பதில் வந்தால் உடனே ஒரு வரி உறுதி: "நன்றி, நவம்பர் 1, சனி காலை 9:00 டொராண்டோ, சந்திப்போம்." மற்ற கட்டத்தை விடுவித்துவிடுங்கள். பழைய அழைப்பையே அவர்கள் நகர்த்தினால், புது நேரம் உங்கள் காலண்டரில் மாலை 6:30 என்று காட்டுகிறதா பார்த்து `Yes` கொடுங்கள்.

புதன் இரவு வரை பதில் இல்லையென்றால் ஒரே ஒரு நினைவூட்டல், அதே மடலின் தொடர்ச்சியாக: "திங்கள் நேரத்தை மட்டும் இன்னும் வைத்திருக்கிறேன், வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள்." சனிக்கிழமையை விடுவித்துவிட்டீர்கள் என்பது இதில் தெரிந்துவிடும். "என் மடலுக்குப் பதில் இல்லையே" என்று தொடங்க வேண்டாம்.

இரண்டும் சரிப்படாமல் அவர்கள் மூன்றாவது நேரம் சொன்னால், கொஞ்சம் சிரமப்பட்டாவது அதை ஏற்றுக்கொள்ளப் பாருங்கள். முதல் மாற்றத்தைக் கேட்டவர் நீங்கள். அதுவும் கொஞ்சமும் முடியாது என்றால் இன்னொரு சுற்று மடல் எழுத வேண்டாம், போனை எடுங்கள். ஐந்து நிமிடத்தில் முடியும். அவர்கள் தேர்ந்தெடுத்த நேரத்தையே பிறகு மறுக்க நேர்ந்தாலும் இதேதான்: முதலில் போன், பிறகு எழுத்தில் ஒரே ஒரு புது நேரம், அதுவும் அவர்கள் போனில் ஒப்புக்கொண்டது.

நேரில் நடக்கும் கூட்டத்துக்கு இன்னொன்று சேர்த்துக்கொள்ளுங்கள். மண்டபத்துக்கோ அறைக்கோ முன்பணம் கட்டியிருந்தால், யாராவது உங்களுக்காக ரயில் டிக்கெட் எடுத்திருந்தால், தேதி மாற்றம் கேட்கும் முன் அதைப் போனில் விசாரியுங்கள். முன்பணம் திரும்பி வராது என்று தெரிந்தால் மாற்று நேரம் கேட்காதீர்கள். உங்களுக்குப் பதிலாக யாரை அனுப்பலாம், அல்லது அரை மணி நேரம் போனில் இணையலாமா என்று கேளுங்கள். ரயில் டிக்கெட்டை ரத்து செய்தால் கட்டணம் பிடிப்பார்கள், புறப்பாடு நெருங்க நெருங்க அது கூடும். அந்தச் செலவை நீங்கள் ஏற்பதாக இருந்தால் செய்தியிலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள்: "டிக்கெட் ரத்துக் கட்டணத்தை நான் தந்துவிடுகிறேன்."